சங்கு

ராத்திரி இரண்டரை மணி இருக்கும். கண்ணைத் திறந்தால் ஆயா என் தலைமாட்டில் நிற்கிறது. புடவையை இழுத்துச் செருகி, தலையை வாரி முடிந்து, எங்கேயோ கிளம்புகிற மாதிரி.

"சங்கு ஊதி எவ்ளோ நேரமாச்சு. உங்க தாத்தா இன்னும் மேல வரல. எழுந்து போய்ப் பாரு."

தாத்தா செத்து இருபது வருஷம் ஆகிவிட்டது. அவர் இறங்கி ஏறிய சுரங்கத்தை 2001 பிப்ரவரி கடைசியில் மூடினார்கள். நாங்கள் இருப்பது அல்சூரில், ஏரிக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில். கோலார் தங்கவயலில் லைன் வீட்டை விட்டுவிட்டுத் தட்டுமுட்டுச் சாமானோடு மாரிகுப்பம் ரயிலில் பெங்களூர் வந்து இறங்கியபோது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். இதெல்லாம் என்னைவிட ஆயாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். வீட்டில் யார் பிறந்தநாளையும், யார் எவ்வளவு கடன் தரவேண்டும் என்பதையும் அதுதான் ஞாபகம் வைத்திருக்கும். போன மாதம்கூட கேஸ்காரன் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கியதைக் கண்டுபிடித்து அவனைப் படியில் நிற்கவைத்துக் கேட்ட ஆள்.

"ஆயா, தாத்தா இல்ல ஆயா" என்றேன். தூக்கக் கலக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

அதன் முகம் போன போக்கை நான் பார்த்திருக்கக் கூடாது. அன்றைக்குத்தான் செத்த மாதிரி அழுதது. அம்மா எழுந்து வந்து, விளக்கைப் போட்டு, "வந்துடுவாரு அத்தே, ரெண்டாவது ஷிப்ட்டுக்கு நிறுத்திட்டாங்களாம்" என்று ஒரு பொய் சொன்னதும்தான் கொஞ்சம் அடங்கியது. அதற்கப்புறமும் படுக்கவில்லை. சமையலறைப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தது, ஏதோ பாத்திரச் சத்தம் கேட்டது, நான் தூங்கிப்போனேன்.

காலையில் பார்த்தால் ஆயா சாதாரணமாக உட்கார்ந்து காபி குடிக்கிறது. ராத்திரி நடந்தது எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் மந்தமாக இருந்தது, பேச்சு குழறியது, அவ்வளவுதான். அப்பாடா என்று வேலைக்குப் போனேன். சாயங்காலம் அம்மாவிடமிருந்து போன். "போர்வையில எறும்பு ஊருதுன்னு பொறுக்கிக்கிட்டே இருக்குடா. ஒரு எறும்பும் இல்ல."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருமே டாக்டர். எண்பத்தொரு வயசு, இனிமேல் இப்படித்தான் என்றார் அப்பா. மாமாவுக்குத் தெரிந்த ஒருவருடைய அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததாம், கடைசியில் பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்டாளாம். கீழ்வீட்டு அக்கா எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டார். தெருமுனை கிளினிக் டாக்டர் மூன்று நிமிஷம் பார்த்துவிட்டு, மறதி நோய் ஆரம்பம் மாதிரி இருக்கிறது, ஸ்கேன் எடுத்து வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். நாங்களும் நம்பிவிட்டோம். நம்புவதற்கு வசதியாக இருந்தது, வேறென்ன சொல்ல.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லவேண்டும், சொல்லத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். இதெல்லாம் தொடங்குவதற்கு நாலு நாள் முன்னால், அந்த மாத்திரையை வாங்கி வந்தது நான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை. முழுக்கப் பார்த்தீனியச் செடி. பெங்களூரில் மனை காலியாகக் கிடந்தால் முதலில் குடியேறுவது அதுதான். வெள்ளைப் பூ பூத்தால் ஆயாவுக்குக் கையும் கழுத்தும் அரிக்கும், தும்மல் நிற்காது. இந்தத் தடவை சொறிந்து சொறிந்து ராத்திரி தூக்கமே இல்லை. எனக்கு ஒரு தடவை அரிப்பு வந்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையின் காலி அட்டை மேஜையில் கிடந்தது. ஹைட்ராக்சிசின், 25 மில்லிகிராம். மெடிக்கலில் காட்டினேன். சீட்டு எங்கே என்று கேட்கவில்லை, யாருக்கு என்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "ராத்திரி ஒண்ணு, நல்லா தூக்கம் வரும்" என்று பத்து மாத்திரை கிழித்துக் கொடுத்தார்.

தூக்கம் வரத்தான் செய்தது. முதல் ராத்திரி ஆயா அசையாமல் தூங்கியது. மறுநாள் பதினோரு மணி வரைக்கும் கண்ணைச் சொக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "பாவம், எத்தனை நாள் தூக்கம் பாக்கியோ" என்று அம்மா சந்தோஷப்பட்டார். எனக்கும் பெருமைதான், என் மாத்திரை வேலை செய்கிறதே என்று. அப்புறம் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தது, வாய் ஒட்டுகிறது என்றது, பல்செட் உறுத்துகிறது என்று கழற்றி வைத்தது. வெயில் என்று நினைத்தோம். பிப்ரவரியில் அப்படி என்ன வெயில்!

ஸ்கேனுக்கு நாள் குறித்திருந்தது புதன்கிழமை. செவ்வாய் சாயங்காலமே ஆயா வாசல் கதவைத் திறந்து படியில் இறங்கிவிட்டது. கீழ்வீட்டு அக்கா பிடித்து நிறுத்தியிருக்கிறார். தூக்கி வந்து படுக்கவைக்கும்போது அடிவயிற்றில் என் கை பட்டதும் "ஐயோ" என்று கத்தியது. தொட்டால் கல் மாதிரி இருந்தது. அம்மா அப்போதுதான் யோசித்துச் சொன்னார்: "காலையிலேருந்து ஒண்ணுக்கே போகலடா."

ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவசரப் பிரிவில் இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டர், கன்னடக்காரப் பெண், தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசினார். ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அஜ்ஜி, ஞாயிறு, சனி, வெள்ளி, அப்படித் திருப்பிச் சொல்லுங்க" என்றார். ஆயா ஞாயிறு என்றது, சனி என்றது, அப்புறம் "முதல் ஷிப்ட்டு, ரெண்டாவது ஷிப்ட்டு" என்று போனது, நடுவில் போர்வையில் எறும்பு பொறுக்கியது. டாக்டர் சிரிக்கவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டார். நாலு நாள் என்றோம். அதற்கு முன்னால்? கேஸ்காரன் கதையை அம்மா சொன்னார்.

"மறதி நோய் மாசக்கணக்கா, வருஷக்கணக்கா வரும். நாலு நாள்ல வராது. காலைல பரவாயில்ல, ராத்திரி மோசம், இது வேற. புது மாத்திரை ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல" என்றேன் நான்.

சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, சர்க்கரையால் பாதம் எரிகிறதே அதற்கு ராத்திரியில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் என்று வரிசையாக ஒப்பித்தேன். எல்லாம் வருஷக்கணக்காகச் சாப்பிடுவது. அரிப்பு மாத்திரை என் கணக்கில் மாத்திரையாகவே இல்லை. சளி, அரிப்பு, தலைவலிக்கு வாங்குவதையெல்லாம் யார் மருந்து என்று சொல்கிறோம்?

டாக்டர் டார்ச் அடித்து ஆயாவின் வாயைப் பார்த்தார். நாக்கு காய்ந்து வெடித்திருந்தது. கண்மணி விரிந்து கிடந்தது. வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு டியூப் போடச் சொன்னார், பையில் 800 மில்லி இறங்கியது. அப்புறம் என் பக்கம் திரும்பி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: "சளிக்கு? அலர்ஜிக்கு? தூக்கத்துக்கு? கடையில சும்மா வாங்கினது?"

எனக்கு உடம்பு ஜில்லென்று ஆனது. அம்மா என்னைப் பார்த்தார்.

என் சட்டைப்பையில் ஆஸ்பத்திரி சீட்டு ஒன்று இருந்தது, அதன் பின்பக்கத்தில் டாக்டர் படம் போட்டு விளக்கினார். மூளையில் கவனத்துக்கும் ஞாபகத்துக்கும் அசிட்டைல்கோலின் என்று ஒரு பொருள் வேண்டுமாம். வாயில் எச்சில் ஊறவும், மூத்திரப்பை சுருங்கவும் அதுவேதான் வேண்டும். இந்தப் பழைய வகை அலர்ஜி மாத்திரை அதன் வேலையை மறித்துவிடும். பாத எரிச்சல் மாத்திரையும் அதையேதான் கொஞ்சமாக மறித்துக்கொண்டிருந்தது, ஆயாவின் உடம்பு எப்படியோ சமாளித்தது. நான் இன்னொரு பூட்டையும் போட்டுவிட்டேன். வயசானவர்கள் உடம்பில் இந்த மருந்து பாதி குறையவே ஒரு நாளுக்கு மேல் ஆகும், அதற்குள் அடுத்த மாத்திரை போய்ச் சேர்ந்துவிடும்.

"உங்களுக்கு இது நல்ல மாத்திரை. அஜ்ஜிக்கு இல்ல" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதோடு விட்டுவிடவில்லை. மூத்திரத்தில் கிருமி, ரத்தத்தில் உப்பு, சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். சரியாக இருந்தது. அரிப்பு மாத்திரையை அன்றே நிறுத்தினார்கள், எரிச்சல் மாத்திரையையும் நிறுத்தி வேறு வழி பார்ப்போம் என்றார்கள். தூங்கவைக்க ஊசி போடுங்கள் என்று மாமா கேட்டதற்கு டாக்டர் மறுத்துவிட்டார். கண்ணாடியை மாட்டிவிடுங்கள், பல்செட்டைக் கொண்டுவாருங்கள், கடிகாரம் தெரிகிற இடத்தில் படுக்கவையுங்கள், வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருங்கள், இவ்வளவுதான் சொன்னார். கூட இருந்தது நான்தான், வேறு யாரையும் விடவில்லை.

முதல் ராத்திரி முழுக்கத் தங்கவயல்தான். சுரங்கக் கழிவு கொட்டிய சைனைடு மண்மேட்டிலிருந்து காற்றடிக்கிறது, துணியை எடு என்றது. தாத்தாவைக் கேட்டபோது இந்தத் தடவை எனக்குப் புத்தி இருந்தது. "அவருக்கு என்ன சமைப்பே ஆயா?" என்றேன். கருவாட்டுக் குழம்பு என்று ஆரம்பித்து, புளி எவ்வளவு, கத்தரிக்காய் எத்தனை என்று விடியும்வரை சொன்னது. மூன்றாம் நாள் சாயங்காலம் என்னை உற்றுப் பார்த்து, "ஏண்டா தாடி வளத்திருக்க, வேலை போயிடுச்சா?" என்றது. நான் வெளியே வராந்தாவுக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

வீட்டுக்கு வந்து முழுசாகத் தெளிய இன்னும் ஒரு வாரம் ஆனது. அரிப்புக்கு, தூக்கம் வரவைக்காத வேறு வகை மாத்திரை ஒன்றை டாக்டரே எழுதினார், குளித்ததும் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னார். காலி மனையில் இருந்த பார்த்தீனியத்தை நானும் கீழ்வீட்டுப் பையனும் கையுறை போட்டுப் பிடுங்கினோம்.

இதற்கிடையில் ஆயாவின் அறையில் ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று அம்மா கட்டிலை நகர்த்தினார், பரணைப் பார்த்தார், ஒன்றுமில்லை. கடைசியில் ஆயாவின் துணி பீரோவில், புடவைகளுக்குப் பின்னால், ஒரு தூக்கு கிடைத்தது. நாங்கள் பத்து நாளாகத் தேடிக்கொண்டிருந்த சின்ன எவர்சில்வர் தூக்கு. திறந்தால் சோறு, பூஞ்சை பிடித்து, மேலே ஊறுகாய். மூடியின் மேல் ஒரு கர்ச்சீப் கட்டி, முடிச்சு போட்டிருந்தது. அந்த ராத்திரி கேட்ட பாத்திரச் சத்தம்.

அம்மா அதை மறைத்து எடுத்துப்போகப் பார்த்தார். ஆயா பார்த்துவிட்டது. வாங்கி, முடிச்சைத் தொட்டுப் பார்த்தது.

"ஒரு தடவ கீழ பாறை வெடிச்சுது" என்றது. "உங்கப்பன் அப்ப கைக்குழந்த. மத்தவங்க எல்லாம் வந்துட்டாங்க, இவரு வரல. நான் சோத்தக் கட்டிக்கிட்டுப் போயி கேட்டுல நின்னேன். விடிஞ்சப்புறம் வந்தாரு. மூஞ்சி பூரா தூசி. அங்கேயே மண்ணுல உக்காந்து அத்தனையும் தின்னாரு."

எங்கள் யாருக்கும் இது தெரியாது. அப்பாவுக்கே தெரியாது.

ஆயா தூக்கைத் திரும்ப ஒரு தடவை எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தது. "வெறும் ஊறுகா போட்டு வச்சிருக்கேன் பாரு, கருவாடு இருந்துச்சே வீட்டுல" என்றது.