தை மழையில நெல்லு போன சித்தப்பாவுக்கு

சித்தப்பா, எல்லாரும் வந்து "விடுங்க, அடுத்த போகம் பாத்துக்கலாம்"னு சொல்லிட்டு டீ குடிச்சிட்டுப் போறாங்க, எனக்கு அது பிடிக்கல. அடுத்த போகம்னு சொல்ற வாய் மொதல்ல இந்தப் போகம் போச்சுன்னு சொல்லணும். போச்சு. ஒம்பது மா பிபிடி நெல்லு, மூணு ஏக்கர், பொங்கல் கழிச்சு மெஷினுக்கு சொல்லி வச்சிருந்த நேரத்துல மூணு நாள் விடாம அடிச்சுது.

நேத்து உங்க தென்னண்டை வயல்ல எறங்கி ஒரு கதிர எடுத்துப் பாத்தேன், சாஞ்சு தண்ணியில கெடந்த பக்கம் பூரா வெள்ளையா முளை, கொழந்தைக்கு பால்பல்லு எட்டிப்பாக்குற மாதிரி. மேல்பக்கம் இருந்த மணி நல்லாதான் இருந்துச்சு. அதான் சொல்றேன்: *சாஞ்ச வயலு பாதி பொய் சொல்லும், பொரட்டிப் பாத்தாதான் உண்மை.* தேறுறது எவ்வளவுன்னு வரப்புல நின்னு முடிவு பண்ணாதீங்க.

*முளைச்ச நெல்லு விதையும் ஆகாது, விலையும் ஆகாது.* அதுல கொஞ்சம் காயவச்சு விதைக்கு எடுத்து வைக்கலாம்னு சித்தி சொன்னாங்க, வேணாம். ஒரு தடவ முளை விட்டு காஞ்சது திரும்ப முளைக்குமான்னு நம்பி நாத்தங்கால் போட முடியாது. கோழிக்கும் மாட்டுக்கும் போகட்டும்.

*தண்ணி வடியாம துக்கம் வடியாது.* வாய்க்கா மதகுகிட்ட ஆகாயத்தாமரை அடைச்சு நிக்குது, உங்க வயலுக்கு மட்டும் இல்ல எனக்கும்தான், இதுக்கு யாரையோ திட்டிட்டு உக்காந்திருக்கலாம், நானும் ரெண்டு நாள் நல்லா திட்டுனேன், தண்ணி ஒரு விரக்கடை கூட எறங்கல.

*ஈரத்துக்கு கோவம் இல்ல, காஞ்சா கொறையும்.* கொள்முதல் நிலையத்துல 17 சதவீதம் ஈரப்பதம்னு கணக்கு, மழை வருஷத்துல தளர்த்தி குடுத்ததும் உண்டு, ஆனா அதை நம்பி ஈர நெல்ல குவிச்சு தார்ப்பாய் போட்டு மூடுனா உள்ள சூடேறிடும். ரோட்டுல பரப்புங்க, பஸ்ஸுக்காரன் திட்டுனா திட்டட்டும்.

*நிவாரணம் வந்தா மருந்து, வராட்டி நாம நோயாளி இல்ல.* மூணுல ஒரு பங்குக்கு மேல, அதாவது 33 சதவீதம் போயிருந்தாதான் கணக்குல எடுப்பாங்க. கணக்கெடுக்க வர்றதுக்கு முன்னாடி வயல உழுதுடாதீங்க, போட்டோ எடுத்து வைங்க, அடங்கல் சிட்டா எல்லாம் ஒரே பையில இருக்கட்டும். காப்பீடு வேற கதை, அது கிராமத்து சராசரி மகசூல வச்சு வர்றது, உங்க வயல் மட்டும் போயிருந்தா அது கண்ணுக்குத் தெரியாமப் போயிடலாம். இத மொதல்லயே சொல்லிடுறேன், அப்பறம் அதுக்காக வேற ஒரு தடவ மனசு ஒடைய வேணாம்.

*கடன் கணக்க ராத்திரி பாக்காத.* இது எங்கப்பா சொல்றது. உழுதவன் கணக்குப் பாத்தா உழக்கும் மிஞ்சாதுன்னு ஊரே சொல்லும், எங்கப்பா மட்டும் நேரத்த மாத்திச் சொல்லுவாரு. உரக்கடை நோட்டு, நகை அடகுச் சீட்டு, மெஷின் வாடகை எல்லாத்தையும் விடிஞ்சு சித்திய பக்கத்துல வச்சுக்கிட்டு எழுதுங்க. ராத்திரி அதே தொகை ரெண்டு மடங்கா தெரியும் சித்தப்பா, எனக்குத் தெரிஞ்சிருக்கு. தூக்கம் வராட்டி எத்தன மணியானாலும் எனக்கு போன் அடிங்க, எடுப்பேன்.

இனி உளுந்து. *சேறு மெழுகா இருந்தா வெதை, குழம்பா இருந்தா பொறு.* அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி தெளிக்கிறதுதான் நம்ம வழக்கம், நீங்க அப்பிடி தெளிச்சது அழுகிடுச்சு, அது ரெண்டாவது நஷ்டம், அதையும் நோட்டுல எழுதுங்க. மறுபடி தெளிக்கணும்னா தை முடியுறதுக்குள்ள பதம் வரணும், மாசி பாதி தாண்டுனா வெயில் பூவ உதுத்துடும், அப்ப உளுந்த விட்டுட்டு எள்ளு பாப்போம். ஒம்பது மாவுக்கும் வேணாம், மேட்டு வயல் மூணு மா மட்டும் போதும். விதை என்கிட்ட ஆடுதுறை 3 பத்து கிலோ இருக்கு, காசு பேசாதீங்க, காய் எடுத்ததும் விதையா திருப்பிக் குடுங்க.

குறுவைக்கு இப்ப வாக்கு குடுக்க மாட்டேன். மேட்டூர் அணை தெறக்குறது ஜூன் 12ன்னு எல்லாரும் சொல்லுவோம், 2024ல தெறந்தது ஜூலை 28. *ஆத்துல தண்ணி வந்தப்பறம் நாத்தங்காலப் பேசு.* உங்களுக்கு போர்வெல் இருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேன்.

நாளைக்கு ஆறு மணிக்கு மதகுகிட்ட நிக்கிறேன், மம்பட்டியோட. கீழத்தெரு பயலுவ ரெண்டு பேரு வரேன்னிருக்கானுவ. நீங்க அருவா மட்டும் எடுத்துட்டு வாங்க, தாமரைய அறுத்து இழுக்கணும், சித்திகிட்ட நாலு பேருக்கு காப்பி சொல்லிடுங்க.