ஒரு வாரக் குப்பையில 83 பிளாஸ்டிக், மூணு மாசம் கழிச்சு 44

ஸ்லைடு 1 (அட்டை)

ஒரு வாரக் குப்பையில 83 பிளாஸ்டிக்.
மூணு மாசம் கழிச்சு 44.

மதுரையில ஒரு அஞ்சு பேர் வீட்டுல எது மாறுச்சு, எது மாறவே இல்ல.
திட்டு கிடையாது. தள்ளிப் பாருங்க 👉

ஸ்லைடு 2

முதல்ல எதையும் வாங்கல, எதையும் நிறுத்தல. ஒரு வாரம் பிளாஸ்டிக்கை மட்டும் தனியா ஒரு சாக்குல போட்டோம். ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில கொட்டி எண்ணினோம்.

கடைக் கவர் (காய், மீன், பூ, மருந்து): 26
பிஸ்கட், சிப்ஸ் உறை: 17
பால் கவர்: 14
ஷாம்பூ, காபித்தூள் பாக்கெட்: 11
ஹோட்டல் பார்சல் கவர், டப்பா: 9
மாவு கவர்: 2
மத்தது: 4

நான் ஸ்ட்ராவும் தண்ணி பாட்டிலும்தான் நிறைய இருக்கும்னு நினைச்சிருந்தேன். ஸ்ட்ரா ஒண்ணுகூட இல்ல. உங்க வீட்டுச் சாக்கு வேற கணக்கு சொல்லும், அதனால எங்க பட்டியலை அப்படியே எடுத்துக்காதீங்க.

ஸ்லைடு 3

26 கடைக் கவர். இங்கதான் ஆரம்பம்.

தமிழ்நாட்டுல கேரி பேக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-ல. "மீண்டும் மஞ்சப்பை" 2021 டிசம்பர்ல. ரெண்டும் எங்க வீட்டுக்கும் தெரியும். பையும் இருந்துச்சு, பீரோவுக்குள்ள. கடைக்குப் போனது கை மட்டும்தான்.

மாத்துனது இவ்வளவுதான்: வண்டி டிக்கியில ரெண்டு பை, அத்தையோட பர்ஸ்ல மடிச்சு ஒண்ணு, வாசக் கதவு ஆணியில ஒண்ணு. சாமானை எடுத்து வச்சதும் பை அடுப்படியில தங்கக் கூடாது, மறுபடி ஆணிக்குப் போயிடணும். இந்த ஒரு விஷயத்துக்கே எங்களுக்கு மூணு வாரம் ஆச்சு.

ஸ்லைடு 4

எப்ப சொல்றோம்கிறது முக்கியம்

"கவர் வேணாம்ணே"ன்னு காயை நிறுத்து முடிச்ச பிறகு சொன்னா, அவர் ஏற்கெனவே கவரைப் பிரிச்சிருப்பார். நம்மளும் சங்கடப்பட்டு வாங்கிட்டு வந்துடுவோம்.

தராசுல கை வைக்கிறதுக்கு முன்னாடியே பையை விரிச்சுப் பிடிங்க. அதுக்கு அப்புறம் பேச்சே தேவையில்ல.

தக்காளி, வெண்டைக்காய், கத்திரிக்காய் எல்லாம் ஒரே பைக்குள்ள போகலாம். தக்காளி மட்டும் கடைசியா. மல்லி, புதினாவுக்கு மேல ஒரு நியூஸ்பேப்பர் சுத்தினா போதும்.

ஸ்லைடு 5

மீன், கறி

கறுப்புக் கவர்ல ரத்தம் ஒழுகி வண்டி சீட்டெல்லாம் நாறுறது எல்லாருக்கும் பழக்கம்தானே? மூடி இறுகின சில்வர் சம்படம் எடுத்துட்டுப் போக ஆரம்பிச்சதுக்கு உண்மையான காரணம் சுற்றுச்சூழல் இல்ல, அந்த நாத்தம்.

கடைக்காரர்கிட்ட: "அண்ணே, சம்படத்தை முதல்ல வச்சு சைபர் பண்ணிக்கங்க." எலெக்ட்ரானிக் தராசுல ஒரு பட்டன்தான். கழுவி வெட்டுன மீன் நேரா அதுலயே விழும், வீட்டுல வந்து இன்னொரு பாத்திரம் நனைக்க வேண்டியதில்ல.

ஸ்லைடு 6

பரோட்டா சால்னா பார்சல்

இந்தப் பட்டியல்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச மாற்றம் இது. கொதிக்கக் கொதிக்க சால்னாவை மெல்லிசான கவர்ல ஊத்தி முடிச்சுப் போடுறதைப் பார்த்தாலே எனக்குப் பகீர்னு இருக்கும். பல்லால கடிச்சுப் பிரிச்சு சட்டையில கொட்டிக்கிற கதை தனி.

பரண்ல தூசி படிஞ்சு கிடந்த டிபன் கேரியரை எடுத்தோம். கீழடுக்குல சால்னா, நடுவுல பரோட்டா, மேல வெங்காயம்.

முதல் நாள் மாஸ்டர் ஒத்துக்கல. அங்க கவர்தான் அளவு, பாத்திரத்துல எவ்வளவு ஊத்துறதுன்னு அவருக்குத் தெரியல. "ரெண்டு கவருக்கு எத்தனை கரண்டியோ அத்தனை ஊத்துங்கண்ணே"ன்னு வீட்டுக்காரர் சொன்னார். இப்ப அவரைப் பார்த்ததுமே கேரியரை வாங்கிக்கிறாங்க. ஒரு கரண்டி கூடவே விழுதுன்னுதான் எங்க சந்தேகம்.

ஸ்லைடு 7

ஆட்டுன மாவு

கிரைண்டர் போடச் சொல்ல மாட்டேன். வேலைக்குப் போயிட்டு ராத்திரி ஏழரைக்கு வர்ற பொம்பளைகிட்ட "வீட்டுலயே ஆட்டுங்க"ன்னு சொல்றது அறிவுரை இல்ல, அராஜகம்.

தெருமுனை மாவுக் கடை அக்காகிட்ட தூக்குச்சட்டியை நீட்டினோம். பெரிய அண்டாவுல இருந்து மொண்டு ஊத்திட்டாங்க. கவர்ல ஒட்டிக்கிட்டு வீணாப் போற ஒரு தோசை மாவு மிச்சம்.

ஸ்லைடு 8

பால் கவர்: 14-ல இருந்து 14

குறையல. குறையாது. 2019 தடையிலயே பால் கவருக்கு விலக்கு உண்டு. சொசைட்டிப் பால் வாங்க முடிஞ்சவங்க பாத்திரத்துல வாங்குங்க, எங்க தெருவுக்கு அது வரல.

ஆனா ஒண்ணு செய்யலாம். மூலையைத் தனியா நறுக்கிப் போடாதீங்க. அந்தக் குட்டித் துண்டை யாராலயும் பொறுக்க முடியாது, காத்துல பறந்து சாக்கடைக்குத்தான் போகும். முழுசா வெட்டாம, ஒரு ஓரம் ஒட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி கீறி ஊத்துங்க.

கவரை அலசி, சுவத்து டைல்ஸ்ல ஒட்ட வச்சா அரை மணி நேரத்துல காஞ்சு தானா விழும். சேர்த்து வச்சா எங்க பழைய பேப்பர் கடைக்காரர் எடுத்துக்கிறார். அலசாத கவரை எந்தக் கடைக்காரரும் தொட மாட்டார்.

ஸ்லைடு 9

சாஷே

ஷாம்பூவைச் சின்ன பாக்கெட்டுல அடைச்சு விக்கலாம்னு வழி காட்டுனவர் நம்ம கடலூர் சின்னி கிருஷ்ணன். பெரிய பாட்டில் வாங்க முடியாதவங்க கைக்கும் ஷாம்பூ வரட்டும்னுதான் அது. தினக்கூலி வாங்குற வீட்டுல ஒரு ரூபா பாக்கெட் வாங்குறதைக் குத்தமாச் சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கு?

எங்களுக்கு மாசச் சம்பளம். பாட்டில் வாங்க முடியும், வாங்கல, அவ்வளவுதான். இப்ப பெரிய பாட்டில் ஒண்ணு. அத்தை எப்பவும் சீயக்காய்தான். 11 பாக்கெட் 4 ஆச்சு. அந்த நாலும் காபித்தூள்.

ஸ்லைடு 10

துணி மாதிரி இருக்கிறதெல்லாம் துணி இல்ல

ஜவுளிக் கடையிலயும் கல்யாணத்துலயும் தர்ற அந்த லேசான, புள்ளி புள்ளியா அழுத்தின பை இருக்கே, அது பாலிபுரோப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். ஓரத்தைப் பிரிச்சா நூல் வராது, பஞ்சு மாதிரி பிய்யும். 2019 தடைப் பட்டியல்ல இந்த 'நான்-ஓவன்' பையும் உண்டு.

பேப்பர் கப்பும் அப்படித்தான். உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு, அதனாலதான் டீ ஊறி ஒழுகாம நிக்குது.

ஸ்லைடு 11

புதுசா வாங்காதீங்க

டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2018-ல ஒரு கணக்குப் போட்டாங்க. ஒரு பருத்திப் பை, பருவநிலை பாதிப்புல மட்டும் ஒரு பிளாஸ்டிக் கவருக்குச் சமமாக 52 தடவை பயன்படணும். எல்லா வகைப் பாதிப்பையும் சேர்த்துப் பார்த்தா 7,100 தடவை.

அதனால அழகா இலை வரைஞ்ச புதுப் பையை ஆர்டர் போடாம, வீட்டுல குமிஞ்சு கிடக்குற தாம்பூலப் பையை எடுங்க. கிழிஞ்சா தையல் போடுங்க.

டப்பாவும் அப்படித்தான். இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு வரிசையா கண்ணாடி பாட்டில் வாங்கி அடுக்கினா, படம் நல்லா வரும், குப்பை கூடும். சூடானதையும் எண்ணெயையும் மட்டும் சில்வருக்கு மாத்துனோம். பழைய டப்பாவுல இப்ப ஆணி, பட்டன், ரப்பர் பேண்டு.

ஸ்லைடு 12

தோத்துப் போனது

🔸 மூங்கில் பிரஷ்: எங்க ஈரமான பாத்ரூம்ல அடிப்பக்கம் கறுத்துடுச்சு. தூவியும் நைலான்தானாம்.
🔸 ஷாம்பூ கட்டி: எங்க போர் தண்ணிக்கு நுரை வரல, முடி கயிறாச்சு.
🔸 பீர்க்கங்காய் நார்: பாத்திரத்துக்கு அருமை, ஆனா ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு மாத்தணும். வீட்டுல கொடி இருந்தா பாருங்க. இல்லாட்டி தேங்கா நார்.
🔸 சிப்ஸ்: 17-ல இருந்து 15. என் பையன்கிட்ட நீங்க பேசிப் பாருங்க.

ஸ்லைடு 13

இதுல கை வைக்கல

அத்தையோட மாத்திரை அட்டை. நாப்கின். தங்கச்சி வந்தா குழந்தையோட டயப்பர். காய்ச்சல் அன்னைக்கு ஆப்ல வர்ற ரசம் சாதம் (அதுலயும் "ஸ்பூன் வேண்டாம்" மட்டும் தொடுவோம்).

2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள்படி, உறையைச் சந்தைக்குக் கொண்டு வர்ற கம்பெனிக்கும் அதைத் திரும்ப எடுக்கிற பொறுப்பு உண்டு. சிப்ஸ் உறையில பல அடுக்கு ஒட்டியிருக்கு. அதை நம்மளால பிரிக்க முடியாது, பழைய பேப்பர் கடையிலயும் எடுக்க மாட்டாங்க. அந்த 15 உறைக்கு நீங்க ராத்திரி தூங்காம இருக்க வேண்டாம்.

எரிக்க மட்டும் எரிச்சுடாதீங்க. போகிக்கும்.

ஸ்லைடு 14

மூணு மாசம் கழிச்சு, அதே மொட்டை மாடி

கடைக் கவர் 26 → 5
பிஸ்கட், சிப்ஸ் 17 → 15
பால் 14 → 14
பாக்கெட் 11 → 4
பார்சல் 9 → 3
மாவு 2 → 0
மத்தது 4 → 3

83 → 44. பாதிகூடக் குறையல. குறைஞ்ச 39-ல 21 கடைக் கவர் மட்டும்.

கேப்ஷன்

சேமிச்சு வச்சுக்கங்க, ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுச் சாக்கைக் கொட்டும்போது உதவும் 🧺

ஒரு உண்மையையும் சொல்லிடுறேன். இதுல பாதி யோசனை அத்தையோடது. நான் போன்ல பார்த்துப் பார்த்து மூங்கில் பிரஷ் வாங்கிட்டு இருந்தப்ப, அவங்க பரண்ல இருந்து கேரியரையும் தூக்கையும் இறக்கி, புளி போட்டுத் தேச்சு வச்சுட்டாங்க. "இதெல்லாம் எங்களுக்குப் புதுசா?"ன்னு ஒரு வார்த்தைதான்.

எல்லாத்தையும் ஒரே வாரத்துல மாத்தாதீங்க. எங்க வரிசை: முதல் மாசம் பை, ரெண்டாவது மாசம் சம்படமும் கேரியரும், மூணாவது மாசம் மத்தது. பை பழகுறதுக்கு முன்னாடி கேரியரைத் தூக்கியிருந்தா ரெண்டும் பரணுக்கே திரும்பியிருக்கும்.

பூக்காரம்மா மேட்டர் ஸ்லைடுல இடமில்லாம விட்டுப் போச்சு. மல்லியை வாழை இலையில கட்டித் தரச் சொன்னா தர்றாங்க. சாயங்காலம் வரைக்கும் வாடவும் இல்ல. இலை தீர்ந்துட்டா கவர்தான், அதுவும் அந்த 5-ல இருக்கு.

காபித்தூளை டப்பாவுல அரைச்சுக் கொடுக்குற கடை சிம்மக்கல் பக்கம் யாருக்காவது தெரியுமா? கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த எண்ணிக்கைக்குள்ள அந்த நாலையும் முடிச்சுடலாம் ☕

#மஞ்சப்பை #மதுரை #குப்பைக்கணக்கு #டிபன்கேரியர்