கருத்து, ரிவியூ, நிலவரக் கேள்வி: எவ்வளவு நேரத்துக்குள் பதில் சொல்வது என்று எங்கள் குழு எடுத்த முடிவு

இது யாழ்ப்பாணம் அலுவலகத்தில் இருக்கும் ஐந்து பேருக்கும், கிளிநொச்சியிலும் பருத்தித்துறையிலும் வீட்டிலிருந்து வேலை செய்யும் இரண்டு பேருக்கும் பொதுவானது. குழுத் தலைவருக்கும் இதே நேரங்கள்தான், அவருக்கு விலக்கு இல்லை.

எங்கள் போர்டில் வேலைகள் அதிகம் தேங்குவது `In Review` என்ற நிரலில்தான். கோட் எழுதி முடித்தவர் பதில் வரும்வரை வேறு வேலையைத் தொடங்கிவிடுகிறார். இரண்டு நாள் கழித்து ரிவியூ வரும்போது பழைய வேலையில் பாதி மறந்துபோயிருக்கும். அதற்குள் `main` கிளையும் மாறியிருக்கும், அதனால் கொன்ஃப்ளிக்ட் தீர்க்கவே அரை நாள் போகிறது. எல்லோரும் உழைக்கிறோம், ஆனாலும் வேலை முடியவில்லை. இந்த உடன்பாடு அதற்காகத்தான்.

எதைப் பதில் என்கிறோம்

ஒன்று, கேட்டதற்கான விடை. அல்லது, விடை எப்போது வரும் என்ற ஒரு நேரம். "பார்க்கிறேன்" என்பதும் கட்டைவிரல் குறியும் பதில் ஆகாது, கேட்டவருக்கு அதை வைத்து எதையும் திட்டமிட முடியாது. "இன்று ஏலாது, நாளை மத்தியானத்துக்கு முதல் பார்க்கிறேன், அவசரம் என்றால் வேறு யாரிடமாவது கொடுங்கள்" என்பது முழுமையான பதில். கீழே சொல்லும் நேரங்கள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றுக்கான நேரங்கள். அந்த நேரத்துக்குள் பிரச்சினையையே தீர்த்து முடிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

வேலை நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8.30 முதல் பின்னேரம் 5.30 வரை. கணக்கில் வருவது இந்த நேரம் மட்டும்தான். பின்னேரம் 4.30க்கு வந்த கேள்விக்கு நான்கு மணி நேரம் என்றால் அடுத்த நாள் காலை 11.30 வரை நேரம் இருக்கிறது. இரவில் யாரும் பதில் எழுத வேண்டியதில்லை. இரவில் எழுதியே ஆகவேண்டும் போல இருந்தால் எழுதிவைத்து, காலையில் அனுப்புங்கள். ஒருவர் இரவு பத்து மணிக்குப் பதில் போடத் தொடங்கினால் மற்றவர்களும் போட வேண்டிவரும்.

வேலைகளில் வரும் கருத்துகள்

உங்கள் பெயரை @ போட்டுக் கேட்டிருந்தால் நான்கு வேலை மணி நேரம். யாருடைய பெயரும் இல்லாத கேள்விக்கு யாரும் பொறுப்பில்லை, ஆகவே கேட்பவர் ஒருவரின் பெயரைப் போட்டே கேட்க வேண்டும். முழுக் குழுவையும் ஒரே நேரத்தில் கூப்பிட வேண்டாம். ஏழு பேரைக் கூப்பிட்டால் ஏழு பேரும் மற்றவர் சொல்வார் என்று இருந்துவிடுவோம். தெரிந்திருந்தால் போதும் என்ற விஷயத்தின் முன்னால் "தகவலுக்கு" என்று எழுதுங்கள், அதற்குப் பதில் தேவையில்லை.

வேலை `Blocked` என்று இருந்தால் ஒரு மணி நேரம். அதற்குள் பதில் வராவிட்டால் தயங்காமல் ஃபோன் எடுங்கள். ஃபோனிலோ வாட்ஸ்அப்பிலோ முடிவானதை, கேட்டவர் இரண்டு வரியில் அந்த வேலையின் கீழே எழுதிவிட வேண்டும். எழுதாத முடிவு அடுத்த கிழமை இன்னொருவருக்குத் தெரியாது.

கோட் ரிவியூ

முதல் பதிலுக்கு அதிகபட்சம் ஒரு வேலை நாள். கூகுள் தன் பொறியாளர்களுக்கு எழுதி எல்லோரும் பார்க்க வெளியிட்டிருக்கும் வழிகாட்டியிலும் உச்ச எல்லை ஒரு வேலை நாள்தான். மும்முரமாகக் கோட் எழுதிக்கொண்டிருக்கும்போது அதை நிறுத்திவிட்டு ரிவியூ பார்க்க வேண்டாம் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. நாங்களும் அப்படியே செய்வோம்: காலையில் வந்ததும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும், பின்னேரத் தேநீருக்கு எழும்பும்போதும் ரிவியூப் பட்டியலைத் திறந்து பார்ப்பது. இடையில் அறிவிப்புகளை மூடிவைத்திருப்பது தவறில்லை.

இந்த ஒரு நாள் நியாயமாக இருக்க வேண்டும் என்றால் அனுப்புபவரும் தன் பங்கைச் செய்ய வேண்டும். மாற்றம் 400 வரிக்கு மேல் போனால் பிரித்து அனுப்புங்கள். ரெஸ்ட் எல்லாம் பச்சையாகும்வரை `Draft` ஆகவே இருக்கட்டும். என்ன மாறியது, ஏன் மாறியது, எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்ற மூன்றும் விளக்கத்தில் இருக்க வேண்டும். திரையில் தெரியும் மாற்றம் என்றால் படமும் போடுங்கள்.

பார்ப்பவர், கட்டாயம் திருத்த வேண்டியதை "கட்டாயம்" என்றும், விருப்பத்துக்கு விட்டதை "விருப்பம்" என்றும் தொடங்கி எழுத வேண்டும். விருப்பங்கள் மட்டுமே இருந்தால் `Approve` கொடுத்துவிட்டே எழுதுங்கள். ஒரு மாறியின் பெயருக்காக இன்னொரு நாள் காத்திருக்க வைப்பது சரியில்லை.

திருத்தி மறுபடி அனுப்பியதற்கு அரை நாள்தான், ஏனென்றால் இருவருக்கும் விஷயம் இன்னும் ஞாபகத்தில் இருக்கும். மூன்றாவது சுற்றுக்குப் போனால் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருந்து கதையுங்கள், வீட்டிலிருப்பவர் என்றால் கோல் எடுங்கள்.

ஒரு நாள் கடந்தும் பதில் இல்லையென்றால் அனுப்பியவர் ரிவியூ பார்ப்பவரை மாற்றலாம். அதில் யாரும் மனம் நோகக் கூடாது. புதிதாகச் சேர்ந்த தம்பி, தங்கச்சிமார் மூத்தவர்களுக்கு நினைவூட்டத் தயங்குவதைப் பார்க்கிறோம். அண்ணா, அக்கா என்று கூப்பிடுகிற மரியாதை அப்படியே இருக்கட்டும், நினைவூட்டுவதால் அது குறையாது. இப்படி எழுதினால் போதும்: "அண்ணா, இது நேற்றுக் காலை அனுப்பினது. இன்றைக்குப் பின்னேரத்துக்குள்ள பார்க்க ஏலுமோ? ஏலாட்டி வேற ஆளிட்டக் குடுக்கட்டோ?"

நிலவரம் கேட்டால்

லண்டன் வாடிக்கையாளருக்குக் காலை 9 மணி ஆகும்போது எங்களுக்குக் கோடையில் பின்னேரம் 1.30, குளிர்காலத்தில் 2.30. அவர்களுடைய கேள்விகள் அப்போதுதான் வரும். அதற்கு முதலே, காலை 9.30க்குள், ஒவ்வொருவரும் தன் வேலையின் கீழே ஒரு வரி எழுதிவிட வேண்டும்: என்ன முடிந்தது, என்ன மிச்சம், எது தடுக்கிறது. "90% முடிந்தது" என்று எழுத வேண்டாம். மிச்சமாக இருப்பது என்ன என்று அந்த எண் சொல்லாது.

மீறிக் கேள்வி வந்தால் இரண்டு மணி நேரம். பதில் சொல்பவர் அந்தக் கிழமைக்குப் பொறுப்பானவர் மட்டும், முறை வைத்து மாறுவோம். எப்போது முடியும் என்று தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லலாம், ஆனால் எப்போது தெரியவரும் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே கேள்வி ஒரு கிழமைக்குள் இரண்டு தரம் வந்தால் கேட்டவரைக் குறை சொல்லாமல் போர்டைத் திருத்துவோம்.

ரொறன்ரோவில் இருக்கும் டிசைனர் வேலை தொடங்குவது எங்களுக்கு மாலை 6.30க்கு, குளிர்காலத்தில் 7.30க்கு. அவர் எழுதியதற்கு அடுத்த நாள் காலை 10.30க்குள் பதில். அவரிடம் கேட்பதை 5.30க்கு முதல், படத்தோடும் எங்களுக்குத் தெரிந்த தெரிவுகளோடும் ஒரே தரத்தில் முழுமையாகக் கேளுங்கள். "எந்தப் பக்கத்தைச் சொல்கிறீர்கள்?" என்று அவர் திருப்பிக் கேட்டாலே ஒரு நாள் போய்விடும்.

லீவு, கரண்ட், திருவிழா

லீவில் போகிறவர் தன் பெயரில் உள்ள ரிவியூக்களை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். போயா நாட்கள் லண்டனுக்குத் தெரியாது, மாதத் தொடக்கத்திலேயே பொதுக் கலண்டரில் போட்டுவிடுவோம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கோயிலுக்குப் போக வேளைக்கு எழும்புகிறவர்கள் இருப்பார்கள், அந்த நாட்களில் ரிவியூவுக்கு இரண்டு வேலை நாள். கரண்டோ இணையமோ போனால் குழுவில் ஒருவருக்கு ஃபோனில் சொன்னால் போதும், திரும்பி வரும்வரை நேரம் ஓடாது.

நேரம் தவறினால் புள்ளி குறைப்பதில்லை, சம்பள மதிப்பீட்டிலும் இது வராது. ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்பத் தவறினால் அவர் தலையில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்போம்.

மூன்று மாதம் இப்படி நடத்திவிட்டு மறுபடி இருந்து கதைப்போம். சம்மதம் என்றால் இந்தப் பக்கத்தின் கீழே பெயரைப் போடுங்கள். ஏதாவது ஒரு நேரம் உங்களுக்கு ஒத்துவராது என்றால் பெயரைப் போடாமல், எது, ஏன் என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முதலில் அதை எடுப்போம்.