மூன்றாம் லேத்தின் ரிஜெக்டைக் குறைக்க ஐந்து நாள் பயிற்சிக்கு நிதி ஒதுக்கக் கோருதல்

மதிப்பிற்குரிய மேலாளர் ஐயாவுக்கு,

வணக்கம். புள்ளியியல் வழித் தரக் கட்டுப்பாடு பற்றிய ஐந்து நாள் பயிற்சிக்கு என்னை அனுப்ப வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். கட்டண விவரத்தையும் பாடத்திட்டத்தையும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். நம் பிரிவுக்கு இதனால் என்ன கிடைக்கும் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கடந்த காலாண்டில் 25 மி.மீ. ஷாஃப்ட் 18,400 செய்தோம். அவற்றில் 571 சிவப்புப் பெட்டிக்குப் போயின. 359 ஷாஃப்ட்கள் விட்டம் கூடியவை. மறுபடி லேத்தில் ஏற்றிச் சரிசெய்தோம். விட்டம் குறைந்த 212 ஷாஃப்ட்களையும் எடைக்குப் போட்டோம். ரீவொர்க்குக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று வைத்தால் ஏறக்குறைய 72 மணி நேரம். அது போக, பம்பு செய்யும் வாடிக்கையாளர் இரண்டு பேட்ச்களைத் திருப்பி அனுப்பியபோது மூன்று பேர் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்து பிரித்தார்கள். அதில் 48 மணி நேரம் போனது. ஆக 120 மணி நேரம், ஏற்கெனவே செய்து முடித்த வேலையை மறுபடி செய்வதிலேயே கழிந்திருக்கிறது. இதில் பெரும்பகுதி இரவு ஷிஃப்டின் தலையில் விழுகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

ஆபரேட்டர்களின் கவனக்குறைவுதான் காரணம் என்று நானும் முதலில் நினைத்தேன். அந்த எண்ணம் மாறியது மூன்றாம் லேத் அருகில் ஒரு முழு ஷிஃப்ட் நின்று பார்த்த பிறகுதான்.

அன்று அடுத்தடுத்து வந்த 60 ஷாஃப்ட்களின் விட்டத்தையும், ஆபரேட்டர் ஆஃப்செட்டை எப்போதெல்லாம் மாற்றினார் என்பதையும் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். ரிஜெக்ட் கூடிவிட்டது என்பதால் ஒவ்வொன்றையும் அளக்கும்படி நாம்தான் சொல்லியிருந்தோம். அவரும் சொன்னபடியே அளந்தார். 25.006 வந்தால் ஆஃப்செட்டைக் குறைத்தார், அடுத்தது 24.991 வந்தால் கூட்டினார். 60 ஷாஃப்ட்களுக்குள் 23 முறை திருத்தினார். டாலரன்ஸ் 0.020 கூட, 0.020 குறைய, அதைத் தாண்டியவை நான்கு. அத்தனை பொறுப்பாக வேலை செய்த ஒருவரைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் அவர் சம்மதத்தோடு வேறு மாதிரி செய்து பார்த்தோம். அளவு 0.012-க்கு மேல் விலகினாலொழிய ஆஃப்செட்டைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். அன்றும் 60 ஷாஃப்ட்கள்தான். மூன்றே முறை திருத்தினார். டாலரன்ஸைத் தாண்டியது ஒன்றே ஒன்று.

ஒரு நாள் சோதனையை வைத்துப் பெரிதாகப் பேசக்கூடாது. அன்று இரும்புக் கம்பியின் பேட்ச் வேறாக இருந்திருக்கலாம், இன்செர்ட் புதிதாக இருந்திருக்கலாம். ஆனால் இதன் பின்னால் உள்ள கணக்கு தெளிவானது. எந்த இயந்திரத்திலும் இயல்பாகவே சிறிய சிதறல் ஒன்று உண்டு. அந்த இயல்பான விலகல் ஒவ்வொன்றுக்கும் ஈடாக நாம் திருத்திக்கொண்டே போனால் சிதறல் குறையாது. மாறாகச் சுமார் 41 சதவீதம் கூடிவிடும். நாம் ஒழுங்காகத்தான் இருந்தோம், அந்த ஒழுங்கே அளவை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. எப்போது கைவைக்க வேண்டும், எப்போது சும்மா விட வேண்டும் என்று பிரித்துக் காட்டத்தான் 1924-இல் வால்டர் ஷூஹார்ட் கன்ட்ரோல் சார்ட்டை உருவாக்கினார். நான் வைத்த 0.012 என்ற எல்லை குத்துமதிப்பு. அதை நம் இயந்திரத்தின் சொந்த அளவுகளிலிருந்து கணக்கிட்டு வைக்க வேண்டும். அதை முறையாகச் செய்யும் பயிற்சி எனக்கு இல்லை.

இரண்டாவது பிரச்சினை இதைவிட என்னை உறுத்துகிறது. ஒரு ஷாஃப்டை லேத்திலிருந்து எடுத்த சூட்டோடு அளந்தபோது 24.985 காட்டியது. கீழ் எல்லை 24.980 என்பதால் ஆபரேட்டர் அதை நல்ல பெட்டியில் போட்டார். அதையே ஆய்வு அறையில் ஆறவைத்து அளந்தேன். 24.979! எஃகு ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 11.5 மைக்ரான் விரிகிறது. 25 மி.மீ. விட்டத்தில் 20 டிகிரி வித்தியாசம் என்றால் கிட்டத்தட்ட 0.006 மி.மீ. ஆக, சூட்டில் அளந்து நல்லது என்று அனுப்பியது ஆறியதும் ஸ்க்ராப் ஆகிவிடுகிறது. சூட்டில் பெரிதாகத் தெரிவதை நம்பி ஆஃப்செட்டைக் குறைத்தாலும் அதே கதிதான். எடைக்குப் போட்ட 212-இல் எத்தனை இப்படிப் போனவை என்று என்னால் இன்று சொல்ல முடியவில்லை.

அளக்கும் கையிலும் வித்தியாசம் இருக்கிறது. நன்றாக ஆறிய பத்து ஷாஃப்ட்களை நம் ஆய்வாளர் இருவரிடம் தனித்தனியே கொடுத்து ஒரே மைக்ரோமீட்டரால் அளக்கச் சொன்னேன். ஒன்றில் 0.008 மி.மீ. வரை வேறுபட்டது. ஒருவர் ராட்செட்டைத் திருகி நிறுத்துகிறார், மற்றவர் திம்பிளையே பிடித்து இறுக்குகிறார். மொத்த டாலரன்ஸ் 0.040. அதில் ஐந்தில் ஒரு பங்கை அளப்பதிலேயே இழந்துவிடுகிறோம். சூடு எவ்வளவு, கை எவ்வளவு, கருவி எவ்வளவு, உண்மையிலேயே இயந்திரம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் முறைதான் அளவீட்டு முறைப் பகுப்பாய்வு. இந்தப் பயிற்சியில் அதற்கு மட்டும் இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் இந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுக்க முதல் காரணம் அதுதான்.

இலவச வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். இரண்டு வாரம் தினமும் மாலையில் அதைத்தான் செய்தேன். மேலே சொன்ன சோதனைகள் அப்படி வந்தவை. ஆனால் நம் எண்களைப் போட்டுப் பார்க்கும்போது, கணக்குச் சரியா தவறா என்று சொல்ல ஆள் இல்லை. அளவீட்டுச் சோதனையின் முடிவு 10 சதவீதத்துக்குள் இருந்தால் கருவியை நம்பலாம், 30-ஐத் தாண்டினால் நம்பக்கூடாது என்பது பொதுவான வழக்கு. எனக்கு ஒருமுறை 26 வந்தது, மறுமுறை 34 வந்தது. எதை நம்பி உங்கள் முன் வைப்பது? இந்தப் பயிற்சியில் அவரவர் தொழிற்சாலையின் அளவுகளையே கொண்டுவரச் சொல்கிறார்கள். மூன்றாம் லேத்தின் ஒரு மாத அளவுகளை எடுத்துச்செல்வேன்.

செலவை மணி நேரத்தில் கணக்கிட்டிருக்கிறேன். கணக்குப் பிரிவு நம் பகுதிக்கு வைத்திருக்கும் மணி நேரச் செலவின்படி பார்த்தால் கட்டணம் 64 மணி நேரத்துக்குச் சமம். நான் ஐந்து நாள் இல்லாததால் 40 மணி நேரம். மொத்தம் 104. ரீவொர்க் பாதியாகக் குறைந்தால் காலாண்டுக்கு 36 மணி நேரம் மிச்சம். போட்டது மூன்று காலாண்டில் திரும்பிவிடும். ஸ்க்ராப்பில் மிச்சமாகும் கம்பியையும், பேட்ச் திரும்பி வராவிட்டால் மிச்சமாகும் 48 மணி நேரத்தையும் இதில் சேர்க்கவில்லை. பாதியாகக் குறையும் என்பது என் மதிப்பீடு, உறுதிமொழி அல்ல. மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் ஐந்தாம் காலாண்டுக்குள் கணக்கு நேராகிவிடும்.

முன்பு இரண்டு பேரைப் பயிற்சிக்கு அனுப்பியும் ஒன்றும் மாறவில்லை என்று நீங்கள் ஒரு கூட்டத்தில் வருத்தப்பட்டது எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கோப்புகள் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன. அவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். திரும்பி வந்த மறுநாளே பழைய வேலையில் மூழ்கிவிட்டார்கள், கற்றதைச் செய்து பார்க்க அவர்களுக்கு ஓர் இயந்திரமும் நேரமும் யாரும் ஒதுக்கித் தரவில்லை. அதனால்தான் கட்டணத்தோடு இன்னொன்றையும் கேட்கிறேன். நான் திரும்பிய பிறகு ஆறு வாரங்களுக்கு, வாரம் மூன்று மணி நேரம் மூன்றாம் லேத்தில் மட்டும் வேலை செய்ய அனுமதி வேண்டும். அது இல்லாமல் கட்டணம் மட்டும் கிடைத்தால், என் கோப்பும் அதே அலமாரிக்குத்தான் போகும் என்று அஞ்சுகிறேன்.

அந்த அனுமதி கிடைத்தால் திரும்பிய 30 நாளுக்குள் மூன்றாம் லேத்தில் கன்ட்ரோல் சார்ட் தொங்கும், அதை ஆபரேட்டரே தம் கையால் குறிப்பார். 45 நாளுக்குள் எல்லா மைக்ரோமீட்டர்களுக்கும் அளவீட்டுச் சோதனை முடிந்திருக்கும். 90-ஆம் நாள் அந்த லேத்தின் ரிஜெக்ட் சதவீதத்தை இன்றைய எண்ணோடு ஒரே தாளில் எழுதி உங்களிடம் கொடுப்பேன், குறையவில்லை என்றாலும் கொடுப்பேன். மூன்று ஷிஃப்ட் ஆபரேட்டர்களுக்கும் நானே இரண்டு மணி நேர வகுப்பு எடுப்பேன். ஆஃப்செட்டைத் தொடாமல் பொறுத்திருப்பது சொல்லிக்கொடுக்காமல் வராது. கைவைக்காமல் நின்றால் சோம்பேறி என்று நினைப்பார்களோ என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது.

அந்த ஐந்து நாளும் என் வேலையை மூத்த ஆய்வாளர் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார். அதே வாரம் மூன்றாம் லேத் பராமரிப்புக்காக இரண்டு நாள் நிற்கப்போவதால் ஆய்வு வேலையும் குறைவு.

முழுத் தொகையும் இப்போது இயலாது என்றால், அளவீட்டுப் பகுதியை மட்டும் இரண்டு நாள் பயிற்சியாகத் தனியே எடுக்கலாம். கட்டணம் பாதிக்கும் குறைவு. ஆஃப்செட் பிரச்சினை அதனால் தீராது, ஆனால் அளவை நம்ப முடியாத இடத்தில் வேறு எதைத் தொடங்கினாலும் மணலில் கட்டிய சுவர்தான். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் அதைத்தான் கேட்பேன்.

பதிவுக்கு இந்த மாதம் 24 கடைசி நாள். 20-ஆம் தேதிக்குள் உங்கள் முடிவு தெரிந்தால் இடத்தை உறுதிசெய்துவிடுவேன். அதற்கு முன் உங்களுக்கு வசதியான ஒரு நாள் பதினைந்து நிமிடம் மூன்றாம் லேத்துக்கு வர முடியுமா? இரண்டு நாள் அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து வைத்திருக்கிறேன். சூடான ஷாஃப்ட் ஒன்றையும் ஆறிய ஷாஃப்ட் ஒன்றையும் நீங்களே அளந்து பார்க்கலாம், மைக்ரோமீட்டரை நான் தயாராக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தரப் பிரிவுப் பொறியாளர்,
லேத் பகுதி

இணைப்பு: பாடத்திட்டமும் கட்டண விவரமும், மூன்றாம் லேத்தின் இரண்டு நாள் அளவுகள், கடந்த காலாண்டு ரிஜெக்ட் பதிவேட்டின் நகல்