கிரேக்கப் பாடம், தரங்கம்பாடி வகுப்பு: முழுக்கா, ஸ்நானமா?

புதிய ஏற்பாட்டின் கிரேக்க வினைச்சொல் 'பாப்டிட்ஸோ' என்றால் அமிழ்த்துதல், முழுக்குதல், கழுவுதல். பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பின் 'ஞானஸ்நானம்' மூலத்தில் இல்லாத ஞானத்தைச் சேர்க்கிறது. 1995இல் வந்த திருவிவிலியத்தின் 'திருமுழுக்கு' தண்ணீருக்குள் இறக்குகிறது. 'திரு' மட்டும் கூடுதல். ஐப்பசிக் கடைசியில் மயிலாடுதுறைத் துறையில் கடைமுழுக்குக்கு இறங்கும் கூட்டத்தைப் பார்த்தவருக்கு 'முழுக்கு' என்றாலே தலை நனையும். அது உதவியா, இடைஞ்சலா? எனக்கு உதவிதான். ஆனால் தலையில் தண்ணீர் தெளிக்கும் சபையார் சண்டைக்கு வருவார்கள்.

யோவான் 1:1இல் வரும் 'லோகோஸ்' கதையும் இதுவே. பழைய மொழிபெயர்ப்பு 'வார்த்தை' என்றது, திருவிவிலியம் 'வாக்கு' என்றது. 'வாக்குக் கொடுத்தான்' என்பதில் உள்ள உறுதி 'வார்த்தை'யில் குறைவு.

பயிற்சி

1. மாற்கு 7:4இல் கிண்ணங்களுக்கும் செம்புகளுக்கும் 'பாப்டிஸ்மோஸ்' என்றே வருகிறது. அங்கே 'ஞானஸ்நானம்' போட்டு வாசியுங்கள். சிரித்து முடித்தபின், மொழிபெயர்ப்பாளர் ஏன் 'கழுவுதல்' என்றார் என்று நான்கு வரி எழுதுங்கள்.

2. 2 இராஜாக்கள் 5:14இல் நாகமான் யோர்தானில் இறங்குகிறான். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் அதே வினைச்சொல்தான். அவனுக்கு எந்தத் தமிழ்ச் சொல்?

3. ரோமர் 6:4இல் அடக்கம்பண்ணப்படுதல் என்னும் உருவகம் வருகிறது. அதை எந்தச் சொல் தாங்கும்? வீட்டுப் பாட்டியிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்து, அவர் கேட்ட கேள்வியை அப்படியே எழுதி வாருங்கள்.

திங்கட்கிழமை காலை ஒப்படைக்கவும்.