ஜவளகிரியில் கர்ஜிக்கும் பெண்புலி

கும்மளாபுரம், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளிக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். ஒரு காலத்தில் அங்கே பொழுது சாயும் முன்பே எல்லாரும் கதவை அடைத்துக்கொண்டார்கள். விடியும்வரை ஒருவரும் வெளியே கால் வைக்கவில்லை. இயற்கை உபாதைக்குக்கூடப் போகப் பயந்து, ஊரின் சுகாதாரமே கெட்டுப்போனது. அந்தப் பயத்துக்குக் காரணம் ஒரு சிறுத்தை. அது 42 பேரைக் கொன்றது என்கிறார், அதைத் தேடிப் போன வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன்.

பெங்களூரில் வாழ்ந்தவர் ஆண்டர்சன் (1910–1974). அவர் ஆங்கிலத்தில் எழுதி 1954இல் வெளிவந்த ‘நைன் மேன்-ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்’ புத்தகத்தில் இந்தக் கதை இருக்கிறது. வேட்டைப் புத்தகம் என்றதும் துப்பாக்கிப் பெருமைதான் இருக்கும் என்று நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம். கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது படிக்க வேண்டிய புத்தகம் இது.

கும்மளாபுரம் கதையின் பலம் காத்திருப்பில் இருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத ஊரில், ராத்திரி நேரத்தில், துப்பாக்கியோடு தனியாக உட்கார்ந்திருக்கிறார் ஆண்டர்சன். சிறுத்தை வருமா, எந்தப் பக்கத்திலிருந்து வரும், ஒன்றும் தெரியாது. முன்னால் தெரு, தலைக்கு மேலே கூரை. எலி ஓடினாலும் நமக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. பக்கக் கணக்கில் ஒன்றுமே நடப்பதில்லை, ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. நடுவில் அந்த ஊர் நாய்க்குட்டி ஒன்று அவரோடு ஒட்டிக்கொள்கிறது. கதையில் அதற்கு என்ன வேலை என்பதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், நான் சொல்லப்போவதில்லை. கதை எப்படி முடிகிறது என்பதையும்தான்.

ஜவளகிரிப் பெண்புலியின் கதை வேறு மாதிரியானது, என்னை அதிகம் பாதித்ததும் அதுதான். அது ஆரம்பத்திலிருந்தே மனுஷரைக் கொல்லும் புலி இல்லை. அதன் ஜோடியை மனுஷர்கள் சுட்டுக் கொன்றுவிட, இது ராத்திரி ராத்திரியாகக் காட்டில் கர்ஜித்தபடி சுற்றுகிறது. பிறகு தானும் குண்டடி பட்டு, மெல்ல மெல்ல ஆட்கொல்லியாக மாறுகிறது. காட்டோர ஊர்க்காரர்கள் படும் பாட்டைப் படிக்கும்போது சீக்கிரம் இதைச் சுட்டால் தேவலை என்று தோன்றும். அடுத்த பக்கத்தில் அந்தக் கர்ஜனை ஞாபகம் வந்து மனசு கனக்கும். இரண்டு பக்கத்து வலியையும் ஒன்றாகச் சொல்ல முடிந்த எழுத்து இது.

பூசாரி என்ற காட்டுப் பழங்குடியைச் சேர்ந்த பைராவைப் பற்றிய கதையையும் விட்டுவிடக் கூடாது. ஒகேனக்கல்லில் காவிரியோடு கலக்கிற சின்னாற்றின் கரையில், குழி தோண்டி அதையே வீடாக வைத்திருந்தவர் பைரா. கையில் காசு இல்லை, பள்ளிக்கூடம் போனதும் இல்லை. ஆனால் காட்டில் ஒரு சத்தம் கேட்டால் எந்த மிருகம், எங்கே, என்ன செய்கிறது என்று சொல்லிவிடுவார். அவரிடம் கற்றுக்கொண்டதை ஆண்டர்சன் மறைக்காமல் எழுதுகிறார். நம் ஊர் மலைவாசிகளின் அறிவைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு, அதுவும் அந்தக் காலத்தில், எழுதியவர்கள் குறைவு.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. சில இடங்களில் துரைமார் தோரணை எட்டிப்பார்க்கிறது. ஊர்க்காரர்களின் நம்பிக்கைகளைச் சொல்லும்போது அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதுகிறார். எல்லாக் கதைகளும் ஒரே தரத்திலும் இல்லை. ஆட்கொல்லியைப் பற்றிச் செய்தி வருவது, தேடிப் போவது, பரணில் உட்காருவது என்று ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வருவதால், மொத்தமாக ஒரே மூச்சில் படித்தால் அலுக்கும். ஒரு ராத்திரிக்கு ஒரு கதை போதும். ஆங்கிலம் எளிமையானது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகூட அகராதியை எப்போதாவது புரட்டிக்கொண்டு படித்துவிடலாம். ஆனால் ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். கொல்லப்பட்டவர்களைப் பற்றிய விவரங்கள் பல இடங்களில் கடுமையாக இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முந்தைய வேட்டைக் காலத்தின் பதிவு இது. இன்று அதே காடுகளில் ஒரு பகுதி, 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கிறது. ஜவளகிரிப் பக்கம் ராகி விளையும்போது யானைக் கூட்டம் வருவதும், விவசாயிகள் பரண் போட்டு விடிய விடியக் காவல் இருப்பதும் இன்றும் நடக்கிறது. அப்படிக் காவல் இருந்தவர்களுக்கு இந்தப் புத்தகத்தின் ராத்திரிகள் புதுசாகத் தெரியாது. நகரத்தில் இருப்பவர்களுக்கோ, அந்தக் காவல் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் புரியும்.

வாங்குகிறவர்கள் முதலில் ஜவளகிரியைப் படியுங்கள், அடுத்து பைரா. கும்மளாபுரத்தை வீட்டில் ஆள் இருக்கிற ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.