அறிமுகம்: மஸ்கெலியாப் பக்கத்து வேலையும் நானும் – புவனேஸ்வரி

வணக்கம் சேர்,

நான் புவனேஸ்வரி. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் நமது தாய்-சேய் போசாக்கு வேலையைப் பார்க்கிறேன். திங்கட்கிழமைக் கூட்டத்தில் கடைசிக் கதிரையில் இருந்து, பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தவள் நான்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நீங்கள் இன்னும் பெட்டிகூடப் பிரித்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் அடுத்த மாத நேர அட்டவணை போடுவதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

இங்கே வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம். பிறந்து வளர்ந்தது லயத்தில். அம்மா கொழுந்து பறித்தவர். அதனால் இந்த மக்களை எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

சேர்ந்த புதிதில் ஒரு டிவிஷனில் காலை பத்து மணிக்குத் தாய்மார் கூட்டம் வைத்தேன். அலுவலக நேரம், வாகனமும் இருந்தது. அறுபது பேருக்கு ரோல்ஸ் கொண்டுபோனோம். வந்தது நாலு பாட்டிமாரும் காய்ச்சலில் படுத்திருந்த ஒருவரும். கொஞ்ச நேரத்தில் ஒரு அக்கா மேல் மலையிலிருந்து முதுகில் கூடையோடு இறங்கி வந்து வாசலிலேயே நின்றார். "மிஸ், கையெழுத்து மட்டும் வச்சிட்டுப் போகட்டா?" என்றார். கூடையில் பாதிதான் கொழுந்து. அன்றைக்கு அவருக்கு அரைப் பேர்தான் விழுந்தது என்று பிறகு தலைவர் சொன்னார். பேர் என்றால் இங்கே ஒரு நாள் சம்பளம், சேர். என் கூட்டத்துக்காக அவர் அரை நாள் சம்பளத்தை விட்டிருக்கிறார். மிஞ்சிய ரோல்ஸைத் திரும்பக் கொண்டுவந்தபோது வேனில் நான் யாரோடும் பேசவில்லை.

அதற்குப் பிறகு நான் பகலில் கூட்டம் வைப்பதில்லை. மாலை நிறுவை முடிந்து, பிள்ளைக் காம்பராவிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஒரு தேத்தண்ணி குடித்த பிறகுதான் அவர்களுக்கு என்னோடு பேச நேரம். அதாவது ஐந்தரைக்கு மேல். செவ்வாயும் வியாழனும் அப்படி நிற்கிறேன். கடைசி பஸ்ஸைப் பிடித்து வீடு போக எட்டு மணி தாண்டும். அந்த இரண்டு நாளும் பகல் பன்னிரண்டுக்கு வேலை தொடங்க முந்தைய மேனேஜர் வாய்ச்சொல்லாக அனுமதித்திருந்தார். நீங்கள் அதை எழுத்தில் தந்தால் வரவுப் பதிவில் ஒவ்வொரு மாதமும் விளக்கம் எழுதும் வேலை எனக்கு இருக்காது.

போன் விஷயம். மேல் டிவிஷன்களில் மாரியம்மன் கோயில் திட்டில் மட்டும்தான் சிக்னல். நான் எடுக்கவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் எழுதிப் போடுங்கள், குரல் பதிவு வேண்டாம். அங்கே அது இறங்கவே இறங்காது. இரவு வீட்டுக்கு வந்ததும் கட்டாயம் பதில் போடுவேன்.

பிள்ளைகளின் நிறையை முதலில் சீ.ஆர். கொப்பியில் எழுதி, வெள்ளிக்கிழமைதான் எக்ஸெலில் ஏற்றுகிறேன். இடையில் "இப்போதைக்கு ஒரு கணக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டால் கொஞ்சம் திணறுவேன். தராசு ஆடுகிறபோது பிள்ளை காலை உதைத்தால் அரைக் கிலோ மாறும். சந்தேகமான பிள்ளையை மறுபடி நிறுத்துப் பார்க்காமல் எண் கொடுக்க மனம் வராது. மாத அறிக்கை ஆங்கிலத்தில் போக வேண்டும், அதில் நான் மெதுவு. தமிழில் எழுதி முடித்துத்தான் மாற்றுகிறேன். கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பே தருகிறேன், நீங்கள் ஒருமுறை பார்த்தால் போதும். சிங்களம் பரவாயில்லை. கிராம சேவகரோடும் குடும்பநல உத்தியோகத்தரோடும் நானே பேசிக்கொள்வேன்.

அப்புறம், கூட்டங்களில் நான் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாமல் வளர்ந்த பழக்கம், இன்னும் முழுதாகப் போகவில்லை. முடிந்ததும் தனியாகக் கேளுங்கள், மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவேன். அதேபோல என் பிழையை நேராகச் சொல்லுங்கள், கோபிக்க மாட்டேன். தோட்டத்து ஆட்கள் முன்னால் மட்டும் வேண்டாம். "மிஸ்ஸுக்கே ஏச்சு விழுது" என்று லயத்தில் பேச்சு பரவினால் அடுத்த வாரம் என் சொல்லை யாரும் கேட்க மாட்டார்கள்.

வரும் வியாழக்கிழமை மேல் டிவிஷனுக்குப் போகிறேன். துரையிடம் அனுமதிக் கடிதம் வாங்கியாயிற்று, உங்கள் பெயரையும் சேர்த்துத்தான் கேட்டேன். முடிந்தால் வாருங்கள். பஸ் போகும் இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் ஏற்றம். மழைக்கோட்டும் நல்ல சப்பாத்தும் போட்டு வாருங்கள், குடை அந்தக் காற்றில் நிற்காது. அட்டைக்கு உப்பு நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
புவனேஸ்வரி
கள உத்தியோகத்தர், ஹட்டன் அலுவலகம்